கீழே இறங்கிய குரல்

நான் கம்பத்து உச்சியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், "கீழ இறங்கிட்டேன் அக்கா, கை காலெல்லாம் பத்திரம்" என்று என் குரல் கன்ட்ரோல் ரூமுக்குப் போனில் சொல்லியிருக்கிறது. நான் சொல்லவில்லை. என் வாயில் அப்போது எர்த் கொண்டியைக் கழற்றும் ராடின் கயிற்று நுனிதான் இருந்தது. ஆனால் சொன்னது என் குரலேதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் குரலை நம்பி லைனில் மின்சாரம் விட்ட பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவரை நாங்கள் டீச்சரக்கா என்போம். சப்ஸ்டேஷன் கன்ட்ரோல் ரூமில் லைனைப் போட்டு நிறுத்துகிற ஆபரேட்டர். லைனில் ஏறுகிறவனுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி ஆபரேட்டர்தான் என்று சொல்வார்கள். கடவுளுக்கு அடுத்தபடி இருப்பவரைத்தான் எங்கள் ஆட்கள் கண்டபடி கிண்டலும் செய்வார்கள். அக்கா பட்டதெல்லாம் பெயர் கூப்பிடுகிற பழக்கத்தால். லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, எடுத்தவர் போன் செய்து, "வேலை முடிஞ்சுது, ஆளுங்க இறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, லைன் கிளியரைத் திருப்பித் தரேன்" என்று நம்பரைச் சொன்னால் போதும். விதி அவ்வளவுதான் கேட்கிறது. அக்காவுக்குப் போதாது. "போனை ஒவ்வொருத்தர் கையிலயும் குடுங்க, குரல் கேக்கணும்" என்பார். அவனவன் வாங்கி, "இறங்கிட்டேன் அக்கா" என்று சொன்னால்தான் பூட்டைத் திறப்பார். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல இருந்ததால் டீச்சரக்கா ஆகிவிட்டார்.

இந்தக் குரல் கணக்கு அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், எங்கள் போர்மேனால்தான். போர்மேனுக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் முன்பே சாப்பிட உட்காருகிற ஆள். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவர் மட்டுமல்ல, பல போர்மேன்கள் வைத்திருந்ததுதான். மேலே ஒருவன் கடைசி எர்த்தை, அதாவது தப்பி வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற ஒயரை, கழற்றிக்கொண்டு இருக்கும்போதே, கீழே இவர் போனை எடுத்து லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏனென்றால் பழைய சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர் எழுந்து, யார்டுக்கு நடந்து, அறிவிப்புப் பலகையை எடுத்து, பூட்டைத் திறந்து, கை தேயத் தேயச் சக்கரம் சுற்றி எர்த் ஸ்விட்சைத் திறந்து, ஐசோலேட்டரை மூடி, மறுபடி அறைக்கு வந்து பிரேக்கரைப் போட எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் மேலே இருப்பவன் இறங்கிவிடுவான். இதற்குச் சில்லறை நேரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்தவன் உயிரைச் சில்லறையாக மாற்றிச் செலவு செய்வதற்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்.

இந்த மாதம் புதுப் பேனல் வந்துவிட்டது. யார்டுக்கு நடக்க வேண்டியதில்லை, சக்கரம் சுற்ற வேண்டியதில்லை. பலகையை எடுத்து, பேனலில் பூட்டைத் திறந்து, பொத்தானைத் தொட்டால் எல்லாம் மோட்டாரில் ஓடும். பத்து நிமிஷம் இரண்டு நிமிஷமாகிவிட்டது. அதை எல்லா போர்மேன்களையும் கூட்டி வைத்து அக்கா சொன்னார். அவசரம் தலையாட்டினார். தலைதான் ஆடியது.

அன்றைக்கு வேலை பெரிதொன்றுமில்லை. ஐஸ் பேக்டரிக்குப் போகிற லைனில் ஒரு கம்பத்தில் இன்சுலேட்டர் விரிசல் விட்டுவிட்டது. நாங்கள் மூன்று பேர். போர்மேன், நான், என் மச்சான். மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவனை எல்லாரும் ரேடியோ என்பார்கள். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பேசுவான். இன்ஜினியர் குரலில் போன் செய்து டிரைவரை ஓட ஓட விரட்டுவான். அவனுக்கு நன்றாக வருவது என் குரல். என் வீட்டு வாசலில் நின்று, "இந்தாம்மா, தண்ணி கொண்டா" என்பான். உள்ளே இருந்து என் மனைவி, "வந்ததும் வராததுமா என்னங்க அவசரம்" என்று சொம்போடு வருவாள். வந்து பார்த்து அவன் முதுகில் ஒன்று வைப்பாள். பல தடவை ஏமாந்திருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போர்மேன் போனில் லைன் கிளியர் கேட்டார். அக்கா பிரேக்கரைத் தட்டி, ஐசோலேட்டரைத் திறந்து, தன் பக்கம் எர்த் போட்டுப் பூட்டி, பலகை மாட்டிவிட்டு நம்பர் சொன்னார். போர்மேன் அதைத் திருப்பிச் சொன்னார். எங்கள் பக்கத்தில், வேன் நின்ற இடத்துக் கம்பத்து ஸ்விட்சையும் திறந்து பூட்டினோம். டெஸ்டரை முதலில் அதன் பொத்தானை அழுத்தி அலறவிட்டுப் பார்த்தேன். பிறகு மூன்று கம்பிகளிலும் காட்டினேன், சத்தம் இல்லை. மறுபடி பொத்தானை அழுத்தினேன், அலறியது. டெஸ்டர் செத்துப்போய் மௌனமாக இருக்கிறதா, கம்பி செத்துப்போய் மௌனமாக இருக்கிறதா என்று இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பிறகு எர்த். ஸ்விட்சுக் கம்பத்தில் ஒரு செட் மாட்டினோம். "போதும், ஏறு" என்றார் போர்மேன்.

"அந்தப் பக்கம்ண்ணே?"

"அந்தப் பக்கம் எதுக்குடா? சப்ஸ்டேஷன் இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"ஐஸ் பேக்டரியில ஜெனரேட்டர் இருக்குண்ணே. அவன் மாத்துற ஸ்விட்சைச் சரியா மாத்தாம ஓட்டினான்னா டிரான்ஸ்பார்மர் வழியா நமக்கு ஏறி வரும்."

"உனக்கு ரெண்டாவது எர்த் ஒரு சாங்கியம்டா. போ, போய்ப் பண்ணிட்டு வா, விட மாட்டே."

ரேடியோ சிரித்தான். "மாமா பொண்டாட்டிய விட எர்த்தைத்தான் நல்லா பாத்துக்குவாரு அண்ணே."

வளைவு தாண்டி இரண்டாவது கம்பத்தில், வேன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நானே இரண்டாவது செட்டை மாட்டினேன். முதலில் இரும்பு முளையைத் தரையில் தலை மட்டும் தெரியும்படி அடித்து, சுற்றி வாளித் தண்ணீர் ஊற்றி, எர்த் ஒயரின் கீழ் முனையை அதில் முறுக்கினேன். அதற்குப் பிறகுதான் மேலே ஏறி, ராடால் ஒவ்வொரு கம்பியிலும் கொண்டியை மாட்டினேன். கழற்றும்போது தலைகீழ். மேலே கம்பிகளில் இருந்து எடுத்துவிட்டு, மண்ணில் இருப்பதைக் கடைசியில்தான் தொட வேண்டும். மண்ணை முதலில் விட்டவன் மண்ணுக்குள் போவான் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள்.

இன்சுலேட்டர் மாற்றி முடித்தோம். ஐஸ் பேக்டரி முதலாளி ரோட்டோரம் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். அவர் இன்ஜினியரிடம் கத்த, இன்ஜினியர் போர்மேனிடம் கத்த, போர்மேன் எங்களிடம் கத்தினார். "நீ போய் உன் சாங்கியத்தைக் கழட்டு, நாங்க இங்க பாத்துக்கறோம்" என்றார். நான் நடந்தேன். வளைவு தாண்டினேன். அவர்கள் இந்தப் பக்கத்து எர்த்தை எடுத்துவிட்டுக் கம்பத்து ஸ்விட்சையும் மின்சாரம் ஓடும்படி மூடிவிட்டார்கள். அதுவரை கூடப் பொறுக்கலாம். அதோடு நின்றிருந்தால் பொறுக்கலாம்.

நான் ஏறி, பெல்ட்டை மாட்டி, கை கால் நிலைகொண்டு, ராடை மேலே இழுக்கக் கயிற்று நுனியைப் பல்லில் கவ்வியபடி அதன் சிக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

என் தலைக்கு மேலே உலகம் வெடித்தது.

வெளிச்சம்தான் முதலில். பிறகு சத்தம். மூன்று கொண்டிகளும் துள்ளின. எர்த் ஒயர் என் தோளுக்குப் பக்கத்தில் சாட்டையாய் விசிறியது. உருகிய பொறி முழங்கையில் தெறித்துத் தோல் பொசுங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. காதில் ஒரு நீண்ட சீழ்க்கை மட்டும். நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன்.

என்ன நடந்தது என்று அந்தக் கணமே புரிந்துவிட்டது. லைனைப் போட்டுவிட்டார்கள். போட்ட மின்சாரம் முழுவதும் என் கொண்டிகளில் பாய்ந்து, ஒன்றோடொன்று முட்டி, மண்ணுக்கு ஓடி, அங்கே பிரேக்கர் தானாக விழுந்து லைனை நிறுத்திவிட்டது. கொஞ்சம் முன்னால் ஏறியிருந்தால் மூன்று கொண்டிகளும் என் கையாலேயே கழன்றிருக்கும். அப்போது பிரேக்கர் விழுந்திருக்காது. லைன் உயிரோடு நின்றிருக்கும், நான் ஒரு முழம் தள்ளி நின்றிருப்பேன். அந்தச் சாங்கியம் என் தலைக்கு வந்ததைத் தலைப்பாகையோடு போக்கியது.

சட்டைப் பையில் போன் அடித்தது. கம்பத்தில் போன் எடுக்கக் கூடாது. ஆனால் அது விடாமல் அடித்தது. ஒரு கையால் எடுத்தேன்.

"தம்பி, எங்க இருக்க?" டீச்சரக்கா. குரலில் மூச்சு வாங்கியது.

"கம்பத்து மேல."

பின்னால் இன்னொரு போனில் இன்ஜினியர் குரல் கத்துவது சன்னமாகக் கேட்டது.

"இப்பதானே இறங்கிட்டேன்னு என்கிட்ட சொன்ன?"

"நான் எப்பக்கா பேசினேன்?"

அக்கா அந்தப் பக்கம் திரும்பி இன்ஜினியரிடம் பேசினார். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. "முடியாது சார். பறவை பட்டிருந்தா ஒரு கம்பி, மிஞ்சினா ரெண்டு கம்பிதான் காட்டும். இது போட்ட நொடியில மூணும் ஒண்ணா விழுந்திருக்கு. எர்த் இருக்கு. எர்த்துக்குப் பக்கத்துல ஆள் இருக்கான். ரெண்டாவது தடவை போட மாட்டேன். நீங்க வந்து போட்டுக்கோங்க." பிறகு என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் திறந்து மறுபடி எர்த் போட்டுப் பூட்டிட்டேன். அவசரப்படாம இறங்கு. மண்ணைத் தொட்டதும் எனக்குப் போன் பண்ணு. நீயே பண்ணு."

நான் இறங்கி, முளைக்குப் பக்கத்தில் நனைந்த மண்ணில் உட்கார்ந்து, நானே போன் செய்தேன். அப்போதுதான் அவர் அழுதார்.

போர்மேனும் மச்சானும் வளைவிலிருந்து ஓடி வந்தார்கள். போர்மேன் முகம் வெளுத்திருந்தது. மச்சான் என்னைப் பார்க்காமல் என் முழங்கையைப் பார்த்தான்.

"என் குரல்ல நீயா பேசின?" என்று கேட்டேன்.

"மாமா, நீங்க கழட்டியிருப்பீங்கன்னு நெனச்சோம். அந்தம்மா விடல. மூணு பேர் குரலும் வேணும்னு நின்னுட்டாங்க. சும்மா ஒரு வார்த்தைதானே..."

என்னால் எழுந்திருக்க முடிந்திருந்தால் அவன் பல் அன்றைக்கு உதிர்ந்திருக்கும்.

மூன்றாம் நாள் விசாரணை என்று தகவல் வந்தது. அதற்கு முந்தைய மாலை போர்மேன் டீக்கடை பெஞ்சில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். குரல் தேனாக ஒழுகியது.

"இங்க பாருடா. நான் போன் பண்ணினது உண்மை. அது இன்னும் பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லத்தான். அந்தம்மா என்னத்தையோ புரிஞ்சுக்கிட்டு லைனைப் போட்டுட்டாங்க. இப்படிச் சொன்னா முடிஞ்சுது. கன்ட்ரோல் ரூம் போன்ல பேச்சு ஒண்ணும் பதியாது. உனக்கு மேல என்ன தெரியும்? தெரியாதுன்னு சொல்லு, அது பொய்யும் இல்ல."

"லைன் கிளியரைத் திருப்பிக் குடுத்தது நீங்கதானேண்ணே?"

"நான் மூணு பேருக்குச் சோறு போடறவன்டா. உன் மச்சானுக்கு வேலை நிரந்தரம் ஆகப்போற நேரம். அந்தம்மாவுக்கு என்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை இவ்வளவு நிதானமாக டீ ஆற்றிக்கொண்டே ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இன்ஜினியரும் அவர் பக்கம்தான். இரண்டாவது தடவை போடச் சொன்னது அவர். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் டீச்சரக்கா. அவர் வேலை போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி. டீ கிளாசை பெஞ்சில் வைத்த வேகத்தில் அது உடைந்தது. உடைந்ததற்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தான். என் மனைவி அவனுக்குச் சாப்பாடு போட்டிருந்தாள். அவன் தொடவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஏதோ லைன்ல தப்பு நடந்துடுச்சாம். இவன் மேல வந்துடக் கூடாதுங்க. இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுட்டான். நீங்க ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்க."

"என்ன தப்புன்னு உன் தம்பி சொன்னானா?"

"லைனைப் போட்டுட்டாங்கன்னு சொன்னான்."

"யாரை நம்பிப் போட்டாங்கன்னு சொன்னானா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

நான் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அந்த வெளிச்சத்தைச் சொன்னேன். பல்லில் கயிறு இருந்ததைச் சொன்னேன். என் வாய் மூடியிருந்தபோது என் குரல் கீழே பேசியதைச் சொன்னேன். முழங்கையில் கட்டைப் பிரித்துக் காட்டினேன். டீக்கடை அடுப்பில் எண்ணெய் தெறித்தது என்று அவளிடம் பொய் சொல்லியிருந்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்தாள்.

"டேய், இந்த வாசல்ல நின்னு நீ அவர் குரல்ல கூப்பிடுவ. நானும் வருவேன். அன்னைக்கு அவர் போயிருந்தா, அடுத்த வாரமும் நீ இந்த வாசல்ல நின்னு அவர் குரல்ல கூப்பிட்டிருப்பியாடா?"

மச்சான் எழுந்தான். சாப்பிடாமலேயே போனான். அவனைச் சாப்பிட்டுப் போ என்று அவள் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விசாரணை அதிகாரியின் அறை. நீள மேசை, மேலே சுற்றுகிற விசிறி, தண்ணீர் பாட்டில்கள். இன்ஜினியர் அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரக்கா தனியாக மறுபக்கம். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

போர்மேன் தன் கதையைச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு இப்படித்தான் நாக்கு வழுக்கும். இன்னும் பத்து நிமிஷம் கேட்டேன் சார், அந்தம்மா சரியா காது குடுக்கல சார், எங்க பையன் உயிர் தப்பினது புண்ணியம் சார். கண் கூடக் கலங்கியது அவருக்கு.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அதிகாரி அக்காவிடம் கேட்டார்.

"லைன் கிளியரைத் திருப்பிக் குடுத்தாரு சார். நம்பர் சொன்னாரு. மூணு பேர் குரலும் கேட்டேன். கேட்டப்புறம்தான் போட்டேன்."

"மூணாவது குரல் யாரோடது?"

அக்கா என்னைக் கைகாட்டினார். "இந்தத் தம்பியோடது."

அதிகாரி பேனாவை மேசையில் தட்டினார். "அவர் அப்ப கம்பத்து மேல இருந்தாரு. அதை எல்லாரும் ஒத்துக்கறாங்க. நீங்களும் ஒத்துக்கறீங்க. மேல இருந்தவர் கீழ இருந்து எப்படிம்மா பேசுவாரு? நடக்க முடியாத ஒண்ணைச் சொல்றீங்களே."

இன்ஜினியர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு பெண் சொன்ன உண்மையையே கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் போட்டுவிட்டார்கள். உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கிற நானே அந்தக் கயிற்றின் முடிச்சு.

"சார்" என்று எழுந்தேன். "நான் பேசல. ஆனா அக்கா கேட்டது என் குரல்தான். ரெண்டும் உண்மை."

"என்னப்பா புதிர் போடற?"

"புதிர் இல்ல சார். என் மச்சான் பேசினான். யார் குரல்லயும் பேசுவான். ஆபீசே சிரிச்சிருக்கு. கம்பத்துல இருந்து இறங்கினதும் முதல்ல அவனைத்தான் கேட்டேன். ஆமான்னு என்கிட்ட ஒத்துக்கிட்டான்."

போர்மேன் துள்ளினார். "சொந்தப் பகைய இங்க கொண்டு வரான் சார். குடும்பத்துல ஏதோ தகராறு."

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் சுவரோரம் நின்றிருந்தான். "நீ பேசினியா?" என்று அதிகாரி கேட்டார். அவன் இன்ஜினியரைப் பார்த்தான். இன்ஜினியர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரம் ஆகிற வேலை அந்தப் பார்வையில் இருந்தது. அவனைக் கைப்பிடித்து உலுக்க வேண்டும் போல் எனக்கு வந்தது. உலுக்கவில்லை.

"மச்சான்," என்றேன், "நேத்து உங்கக்கா ஒண்ணு கேட்டா. நீ பதில் சொல்லாம போயிட்ட."

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

பிறகு அந்த அறையில் என் குரல் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன்.

"கீழ இறங்கிட்டேன் அக்கா. கை காலெல்லாம் பத்திரம். நீங்க போட்டுடுங்க."

என் இழுப்பு, என் கரகரப்பு, 'அக்கா'வில் நான் கொடுக்கிற அழுத்தம், ஒன்றும் குறையவில்லை. அதிகாரி என் உதட்டைப் பார்த்தார், அவன் உதட்டைப் பார்த்தார். பேனா கையிலிருந்து உருண்டது. டீச்சரக்காவின் கைப்பை மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"இதேதான் சார்," என்றார். "இந்தக் குரல்தான்."

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்போது அவன் குரல் அவனுடையதாக இருந்தது. எவ்வளவு சின்னக் குரல் அது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உப்பைத் தின்றவர்கள் தண்ணீர் குடித்தார்கள். போர்மேனுக்கும் இன்ஜினியருக்கும் தண்டனை வந்தது. மச்சானின் நிரந்தரம் நின்றது, எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. டீச்சரக்கா மறுநாளே தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் போனைக் கைமாற்றச் சொல்வதில்லை. ஒவ்வொருவனின் சொந்தப் போனுக்கும் அவரே கூப்பிடுகிறார். கூப்பிட்டு, கேள்வி ஒன்று கேட்கிறார். "காலையில உன் தட்டுல என்ன இருந்துச்சு?" "உன் செருப்பு என்ன கலர்?" ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். நான் பதில் சொல்கிறேன். இன்னும் நாலு கேள்வி கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் மாலையில் என் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை.

நான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றி, "இந்தாம்மா, தண்ணி கொண்டா" என்பேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிடும். பதில் வராது. காத்திருப்பாள். நான் சமையலறை வாசல்வரை நடந்து போய் முகத்தைக் காட்டுவேன். அவள் திரும்பி ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் சொம்பை எடுப்பாள்.